லாஜிக் கேட்: தருக்க வாயிலா, தருக்கப் படலையா?

சில சுவிட்சுகள், நடுவில் சில கேட்டுகள், கடைசியில் ஒரு பல்பு. எந்தெந்த சுவிட்சைப் போட்டால், எதை அணைத்தால் பல்பு எரியும் என்று கண்டுபிடிக்கும் புதிரைப் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் 'லாஜிக் கேட்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட பதில் கிடைக்கும்.

'லாஜிக்' என்பதன் வேர் கிரேக்க 'லோகோஸ்', அதாவது சொல், காரணம். தமிழில் அதற்குத் தருக்கம் என்றும் தர்க்கம் என்றும் எழுதுகிறோம். இது வடமொழியிலிருந்து வந்தது, பேச்சில் வாக்குவாதம் என்ற பொருளும் அதற்கு உண்டு ("சும்மா தர்க்கம் பண்ணாதே"). அது வேண்டாம் என்பவர்கள் ஏரணம் என்கிறார்கள். 'கேட்'டுக்குத் தமிழ்நாட்டில் வாயில், இலங்கைப் பாடநூல்களில் படலை. படலை என்றால் யாழ்ப்பாணத்தில் வேலியில் இருக்கும், திறந்து மூடுகிற கதவு, அங்கே தினப்படி புழங்கும் சொல். என்னைக் கேட்டால் படலைதான் பொருத்தம், ஏனென்றால் வாயில் என்பது பெரும்பாலும் திறப்பைத்தான் குறிக்கிறது, இங்கே வேலை செய்வதோ திறந்து மூடும் பொருள். ஆனாலும் தமிழ்நாட்டில் தருக்க வாயில் என்று எழுதினால்தான் சட்டென்று புரியும், அதனால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

சொல்லுக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு கூற்று உண்மையென்றால் 1, பொய்யென்றால் 0 என்று வைத்து, தருக்கத்தை இயற்கணிதம் போலக் கணக்குப் போடலாம் என்று 1847-இல் காட்டியவர் ஜார்ஜ் பூல். மின்சாரத்தைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. 1937-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதுகலை மாணவராக இருந்த கிளாட் ஷானன், ரிலேக்களும் சுவிட்சுகளும் உள்ள சுற்றுகளுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்துகிறது என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அவர் மின்சாரம் போவதற்கு இருக்கும் தடையை எண்ணினார், அதனால் திறந்து கிடக்கும் சுற்றுதான் அவருக்கு 1, மின்சாரம் ஓடும் சுற்று 0. நாம் இப்போது போடுவது நேர் தலைகீழ்.

அப்புறம் ஆண்ட், ஆர், நாட் என்ற மூன்று அடிப்படை வாயில்கள். இவற்றுக்கு உம், அல்லது, இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 'க-வும் ச-வும்' என்னும்போது வரும் அந்த 'உம்' தனிச்சொல்லே இல்லை, ஒட்டு. அதைப் பிரித்தெடுத்து வாயிலுக்குப் பெயராக வைப்பது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும், பழகிவிடும். இதைவிட சுவாரசியமானது 'அல்லது'. அதற்குள்ளேயே 'அல்' என்ற மறுப்பு இருக்கிறது. 'க அல்லது ச' என்றால், க இல்லையென்றால் ச. ஆர் வாயில் சொல்வது அச்சு அசலாக இதுதான், புதிரை விடுவிக்க உதவும் படியும் இதுதான்.

ஒரு புதிரையே எடுத்துக்கொள்வோம். க, ச, த, ப என்று நான்கு சுவிட்சுகள். போட்டிருந்தால் 1, அணைத்திருந்தால் 0. நான்கு வாயில்கள் இருக்கின்றன, நான்கிலிருந்தும் 1 வந்தால்தான் பல்பு எரியும்.

```
1) க அல்லது ச
2) (ச இல்லை) அல்லது த
3) (க உம் த உம்) இல்லை
4) (ப இல்லை) அல்லது ச
```

நான்கு சுவிட்சுக்கு மொத்தம் 16 அமைப்புகள். பதினாறையும் எழுதிச் சரிபார்க்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் பல்பிலிருந்து பின்னோக்கி வந்தால் வேலை குறையும். பல்பு எரிகிறது என்றால் நான்கு வாயிலும் 1 தர வேண்டும். இப்போது க-வைப் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வாயில் க-வையும் த-வையும் சேர விடாது, ஆகவே த = 0. இரண்டாவதில் த கைவிட்டுவிட்டது, எனவே 'ச இல்லை' என்பதுதான் அதைக் காப்பாற்ற வேண்டும், ச = 0. நான்காவதிலும் அதே கதைதான், ச இல்லாததால் ப-வும் 0. ஒரே ஓட்டமாக ஒரு விடை கிடைத்துவிட்டது.

சரி, க-வை அணைத்துவிட்டால்? முதல் வாயில் உடனே ச = 1 என்கிறது. ச போட்டாயிற்று, ஆகவே இரண்டாவதுக்கு த = 1 தேவை. க அணைந்திருப்பதால் மூன்றாவது தானாக ஒத்துக்கொள்ளும். நான்காவது ச-வாலேயே நிறைவேறிவிட்டது, ப எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஆக மூன்று விடைகள்:

```
க ச த ப
1 0 0 0
0 1 1 0
0 1 1 1
```

தப்பு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். முதல் தப்பு இது: மூன்றாவது வாயிலை "க-வும் த-வும் போட்டிருக்கக் கூடாது" என்று வாயால் சொல்லிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்றும் கேட்கலாம், இரண்டில் எதையுமே போடக் கூடாது என்றும் கேட்கலாம். வரைபடத்தில் இந்தக் குழப்பம் இல்லை: இல்லை என்பதற்கான சின்ன வட்டம் வாயிலின் வெளியீட்டில் இருந்தால் முதல் பொருள், அந்த வாயிலுக்கு 'நாண்ட்' என்றே தனிப் பெயர் உண்டு. உம் வாயிலின் இரண்டு உள்ளீட்டிலும் ஆளுக்கொரு வட்டம் இருந்தால் இரண்டாவது பொருள். தவறாக இரண்டாவது பொருளை எடுத்தால் நம் புதிர் என்ன ஆகும்? க = 0, த = 0. முதல் வாயில் ச = 1 என்று கேட்கும், இரண்டாவது ச = 0 என்று கேட்கும். விடையே கிடையாது. புதிரில் விடை இல்லை என்று வந்தால், புதிர் போட்டவரைத் திட்டுவதற்கு முன்னால் வட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது தப்பு அல்லதுவில். "காபியா டீயா" என்று கேட்டால் இரண்டும் வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, அந்தப் பழக்கம் புதிருக்குள்ளும் வந்துவிடும். ஆர் வாயிலுக்கு இரண்டு உள்ளீடும் 1 ஆக இருந்தாலும் சம்மதம்தான். ஒன்று மட்டுமே வேண்டும் என்பது வேறு வாயில், எக்ஸ்-ஆர். மாடிப்படியில் கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைத்து ஒரே விளக்கை இயக்குகிறோமே, அது இந்த வகை. நம் புதிரில் நான்காவது வாயிலை அப்படிப் படித்தால் 0 1 1 0 என்ற விடை காணாமல் போகும், ஏனென்றால் அங்கே 'ப இல்லை' என்பதும் உண்மை, ச-வும் உண்மை. மோசம் என்னவென்றால் இந்தத் தப்பு வெளியே தெரியாது. மீதி இரண்டு விடையும் சரியாகவே இருக்கும், எத்தனை விடை என்று கேட்டால்தான் மாட்டிக்கொள்வோம்.

க-வைப் பிடித்துக்கொண்டு இழுத்ததும் மற்றவை வரிசையாக வந்ததற்குக் காரணம், ஒவ்வொரு வாயிலிலும் இரண்டே உள்ளீடு இருந்தது. ஒன்று விழுந்தால் மற்றது கட்டாயம். 'க அல்லது ச அல்லது த' என்று மூன்று வந்துவிட்டால், ஒன்று விழுந்த பிறகும் இரண்டு மிஞ்சும், மறுபடி ஒரு ஊகம் செய்து பிரிய வேண்டும். 20 சுவிட்ச் என்றால் அமைப்புகள் 10,48,576. இந்த மூன்று உள்ளீட்டு வகைக்கு, எந்தப் புதிரைக் கொடுத்தாலும் நிச்சயமாக விரைவில் முடித்துவிடும் வழி எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை, அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றும் யாரும் நிறுவவில்லை.