இம்போசிஷன் கொடுக்கும் முன் விடைகளை எண்ணிப் பாருங்கள்

வினாத்தாள் தயாரிப்புப் பயிற்சிகளில் ஆசிரியர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய வகுப்புத் தேர்வுகளை அலசுவது என் வேலை. "இந்தக் கேள்விக்குக் கால்வாசிப் பேர்கூடச் சரியாக எழுதவில்லை. எவனும் படிப்பதே இல்லை" என்ற தீர்ப்பை அங்கே கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அண்மையில் ஒரு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் இதே தீர்ப்போடு வந்தார். தவறாக எழுதிய 31 பேரையும் விடையைப் பத்துப் பத்து முறை எழுத வைத்திருந்தார். அந்த விடைத்தாள்களைப் பிரித்துப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கணக்கு எளிது. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தார்கள் என்பதன் சதவீதமே அந்தக் கேள்வியின் கடினத்தன்மை மதிப்பு. எண் கூடக்கூடக் கேள்வி எளிது. பி.எட். பாடத்தில் எல்லோரும் படித்ததுதான், ஆனாலும் 80 சதவீதம் வந்த கேள்விக்கு எதிரே 'மிகக் கடினம்' என்று குறித்து வருபவர்கள் இன்றும் உண்டு. வராதவர்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வந்து விடையளிக்காமல் விட்டவர்களைச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் அந்த எண்ணைப் படிப்பதில் இருக்கிறது. ஆசிரியர் கொண்டுவந்த தேர்வில் 40 மாணவர்கள், எல்லாம் நான்கு விருப்பங்கள் கொண்ட ஒரு மதிப்பெண் கேள்விகள். இரண்டு கேள்விகள் அவரைக் கொதிக்க வைத்திருந்தன. ஒன்று, மேல்நோக்கி எறியப்பட்ட பந்து உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்பது. 9 பேர் சரி, அதாவது 22.5 சதவீதம். இன்னொன்று, கொடுத்தவற்றுள் வெக்டர் அளவு எது என்பது. 8 பேர் சரி, 20 சதவீதம். இரண்டுக்கும் அவர் எழுதிய குறிப்பு ஒன்றே: 'படிக்கவில்லை'.

படிக்காத பிள்ளை எப்படி விடையளிப்பான் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒன்றும் தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைத் தொடுவான். வகுப்பு முழுக்க அப்படிச் செய்தால் 40 பேரும் நான்கு விருப்பங்களிலும் ஏறக்குறையப் பத்துப் பத்தாகச் சிதறுவார்கள். 25 சதவீதம் பேருக்குக் குருட்டு யோகத்திலேயே மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்குக் கொஞ்சம் கீழே 20, 22 என்று வந்தால், அது குருட்டு யோகத்தின் ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம், பலர் ஒரே தவறான விடையில் போய்க் குவிந்ததாலும் இருக்கலாம். சேர்ந்தாற்போல் ஒரே இடத்துக்குப் போக ஒரு காரணம் வேண்டும். படிக்காமல் இருப்பது அந்தக் காரணமாகாது. இரண்டில் எது நடந்தது என்பதை இந்தச் சதவீதம் ஒருபோதும் சொல்லாது. எந்தத் தவறான விடைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணினால்தான் தெரியும்.

விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கினோம். மேலிருந்து 11, கீழிருந்து 11 என்று பிரித்தோம். வகுப்பில் 27 சதவீதம் என்பது பழைய மரபு, 40 பேருக்கு அது 11. பிறகு ஒரு தாளில் அ, ஆ, இ, ஈ என்று நான்கு கட்டம் போட்டு, நேர்க்கோட்டுக் குறி போட்டு எண்ணினோம். கணினியில் பதிகிறவர்களுக்கு, கட்டத்தில் விடையின் எழுத்தை இட்டு, விடையளிக்காதவனுக்கு x போட்டு, வராதவனுக்கு வெறுமையாக விட்டால், சரியான விடை 'ஆ' உள்ள கேள்வியின் சதவீதத்துக்கு இந்த ஒரு வரி போதும்:

```
=COUNTIF(C2:C41,"ஆ")/COUNTA(C2:C41)*100
```

வெக்டர் கேள்வியில் 27 பேர் இடப்பெயர்ச்சி என்று எழுதியிருந்தார்கள். முதல் 11 பேரில் 9 பேர் அந்தக் கூட்டத்தில். சரி என்று மதிப்பெண் பெற்ற 8 பேரும் எழுதியிருந்தது தொலைவு! விடைக்குறிப்பில் 'ஆ' இருக்க வேண்டிய இடத்தில் 'இ' அச்சாகியிருக்கிறது, அவர் அதைப் பார்த்தே திருத்தியிருக்கிறார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மொத்தமாக ஒரு 'தவறான' விடைக்குப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விடைக்குறிப்பை, அடுத்து கேள்வியின் வாசகத்தை. குறிப்பைத் திருத்தியதும் அதே கேள்வி 67.5 சதவீதமானது. சரியாக எழுதிய 27 பிள்ளைகள் இல்லாத குற்றத்துக்குத் திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

பந்துக் கேள்வியின் கதை வேறு. 25 பேர் 'சுழி' என்று எழுதியிருந்தார்கள். முதல் 11 பேரில் 6 பேர் சரி, மீதி 5 பேரும் சுழி. கடைசி 11 பேரில் ஒருவன் சரி, 8 பேர் சுழி. நன்கு படிப்பவர்கள் கூடுதலாகச் சரியாக எழுதுகிறார்கள், ஆகவே கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அவர்களிலும் பாதிப் பேர் உச்சியில் திசைவேகம் சுழி என்பதை முடுக்கம் சுழி என்று பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் பாடத்தைக் கவனித்தவர்கள், திசைவேகம் சுழி என்பதை நினைவில் வைத்திருப்பதே அதற்குச் சான்று. இவர்களைப் போய் 'கீழ்நோக்கி 9.8 மீ/வி²' என்று பத்து முறை எழுத வைத்தால், எழுதுவார்கள். அடுத்த வாரம் சரிவில் மேல்நோக்கி உருட்டிய பந்தைக் கேளுங்கள், மறுபடியும் சுழி என்பார்கள்.

அவர்களிடம் கேட்க வேண்டியது இது: உச்சியில் திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து ஏன் கீழே வருகிறது? அங்கேயே தொங்க வேண்டாமா? பிறகு கரும்பலகையில், நொடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்தின் திசைவேகத்தை நொடிவாரியாக எழுதச் சொல்லுங்கள். 19.6, 9.8, 0, −9.8. ஒவ்வொரு நொடியிலும் குறைவது அதே 9.8, சுழியைக் கடக்கும் இடத்திலும் அதுவேதான். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆக, ஏறக்குறைய ஒரே சதவீதம் வாங்கிய இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு ஆசிரியர் விடைக்குறிப்பைத் திருத்த வேண்டும், மற்றொன்றுக்குப் பாடத்தை. இரண்டிலுமே இம்போசிஷனுக்கு வேலை இல்லை.

இன்னும் சில விஷயங்கள், சுருக்கமாக. 40 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 2.5 சதவீதம், ஆகவே 55-க்கும் 60-க்கும் இடையே உள்ள வித்தியாசத்தை வைத்துக்கொண்டு தலைமையாசிரியர் கூட்டத்தில் வாதாடாதீர்கள். 'அ' பிரிவில் வந்த சதவீதத்தை 'ஆ' பிரிவுக்குப் பொருத்தாதீர்கள். அது அந்தக் கேள்வியும் அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து தந்த எண். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் பாதிப் பேர் 4, பாதிப் பேர் 0 வாங்கினாலும், எல்லோரும் 2 வாங்கினாலும் 40 சதவீதம்தான் வரும், அதையும் பிரித்துப் பாருங்கள். தாளின் கடைசிக் கேள்விகள் வெறுமையாக இருந்தால் நேரம் போதவில்லையா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

உயர்ந்த சதவீதத்தைக் கண்டு மகிழும்போதும் தயவுசெய்து கொஞ்சம் நிதானியுங்கள். பாடப்புத்தகத்தின் பயிற்சிப் பகுதியிலிருந்து அப்படியே எடுத்த கேள்விக்கு 38 பேர் சரியாக எழுதினால், 95 சதவீதம் என்று துள்ள வேண்டாம். விருப்பங்களின் வரிசையைக்கூட மாற்றாமல் கேட்டிருந்தால் பலர் 'மூன்றாவது கேள்விக்கு விடை இ' என்று மட்டும் மனப்பாடம் செய்திருக்கலாம். வரிசையையும் எண்களையும் மாற்றி அதே கணக்கை அடுத்த சிறுதேர்வில் வைத்து, அப்போது வரும் சதவீதத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.