தோட்டப் பதிவேட்டில் பின்வாங்கிய ஒரு நாள்

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு ஊழியர் பதிவேடு மென்பொருள் செய்து தருகிறோம். 55 வயதானால் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்பதால், அந்த வயதைத் தொடுபவர்களின் பட்டியலை மாதந்தோறும் அது அச்சிட்டுத் தரும். ஒரு தோட்டத்துக் கிராணி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஆகஸ்ட் மாதத்து ஆளை ஜூலைப் பட்டியலில் போட்டிருக்கிறீர்களே?"

அந்தத் தொழிலாளியின் அடையாள அட்டை எண் 700801 என்று தொடங்குகிறது. முதல் ஆறு இலக்கங்களும் பிறந்த தேதிதான்: 1970 ஆகஸ்ட் 1. எங்கள் திரையிலோ ஜூலை 31 என்று இருந்தது.

அதற்கு முந்தைய வாரம், புதிதாகச் சேர்ந்த சக ஊழியர் இந்த நிரல் வரியைப் பார்த்திருக்கிறார்:

```
// use +8
dob = saved.atOffset(ZoneOffset.of("+08:00")).toLocalDate();
```

நேர மண்டலத்தை +08:00 என்று எண்ணாக எழுதாமல் ஊரின் பெயரால் குறிப்பதே நல்ல வழக்கம் என்று அவர் படித்திருந்தார். அது சரிதான். எனவே `Asia/Kuala_Lumpur` என்று மாற்றினார். மாற்றுமுன் பழைய வரலாற்றையும் தேடிப் பார்த்திருக்கிறார். நான் எழுதிய கமிட் செய்தி இவ்வளவுதான்:

```
fix date bug
```

எந்தத் தேதி, என்ன பிழை என்று அதில் ஒன்றுமில்லை. வரியில் எது மாறியது என்பதை `git show` கட்டளையே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதைச் செய்திதான் சொல்ல வேண்டும். அந்த இடத்தை நான் வெறுமையாக விட்டிருந்தேன்.

காரணம் 1982இல் இருக்கிறது. அதற்கு முன் தீபகற்ப மலேசியாவின் நேரம், உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. சபா, சரவாக்குடன் நேரத்தை ஒன்றாக்க, 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். `Asia/Kuala_Lumpur` என்ற பெயருக்குள் இந்த வரலாறு அடங்கியிருக்கிறது. +08:00 என்ற எண்ணுக்கு அது தெரியாது.

எங்கள் பழைய பதிவுகள் பிறந்த தேதியை, எட்டு மணி நேரக் கணக்கில் நள்ளிரவு என்று சேமித்தவை. 1970 ஆகஸ்ட் 1 நள்ளிரவு, பொது நேரப்படி ஜூலை 31 மாலை 4 மணி. அதனுடன் எட்டு மணி நேரம் கூட்டினால் ஆகஸ்ட் 1 திரும்ப வரும். ஏழரை மணி நேரம் கூட்டினால் ஜூலை 31 இரவு 11.30 ஆகிறது, நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுக்கும்போது ஒரு நாள் பின்வாங்கிவிடுகிறது. 1982க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இரண்டு கணக்கும் ஒன்றே. எங்கள் சோதனைத் தேதிகள் எல்லாம் தொண்ணூறுகளைச் சேர்ந்தவை என்பதால் எந்தச் சோதனையும் தவறவில்லை. ஓய்வை நெருங்கும் பெரியவர்கள் உள்ளிட்ட, 1982க்கு முன் பிறந்தவர்களின் தேதிகள் மட்டுமே கெட்டன. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

இனிச் செய்தியைத் திருத்த வேண்டும். கமிட்டின் அடையாள எண் அதன் செய்தியையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. கடைசிக் கமிட்டை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை என்றால் `git commit --amend` போதும். பல மாதங்களுக்கு முன் பகிர்ந்த கமிட்டைத் தொட்டால் அதன் எண்ணும், அதற்குப் பின்வரும் எல்லாக் கமிட்டுகளின் எண்களும் மாறி, மற்றவர்களின் பிரதிகளோடு மோதும். எனவே பழையதை அப்படியே விட்டுவிட்டு, +08:00ஐ மீட்கும் புதிய கமிட்டில் காரணத்தை எழுதினோம். நாங்கள் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது:

"பிறந்த தேதியை +08:00 கொண்டே படிக்க வேண்டும். பழைய பதிவுகள் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டவை. Asia/Kuala_Lumpur 1982க்கு முன் +07:30 என்பதால், அதைப் பயன்படுத்தினால் அக்காலத் தேதிகள் ஒரு நாள் பின்வாங்கும். அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கங்களோடு ஒப்பிட்டால் தெரியும்."

இதன் முதல் வரைவை நான்தான் எழுதினேன். "நேர மண்டலச் சிக்கலால் மாற்றப்பட்டது" என்று இருந்தது. புதியவர் படித்துவிட்டு, "அண்ணா, என்ன சிக்கல்? யாருடைய தேதி தவறும்?" என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்களே மேலே உள்ள வாக்கியங்கள்.

நிரலில் இருந்த `use +8` குறிப்பையும் மாற்றினோம். வரியைத் திருத்தப் போகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். வரலாற்றைத் தேடிப் போகாதவரையும் அது தடுத்து நிறுத்த வேண்டும். அதனால் முழுக் கதையையும் அங்கே கொட்டாமல், எச்சரிக்கையையும் அது எதுவரை செல்லும் என்பதையும் மட்டும் வைத்தோம்: "ஊர்ப்பெயருக்கு மாற்றாதீர்கள்; 1982க்கு முன் பிறந்தவர்களின் தேதி தவறும். பதிவேட்டின் பிறந்த தேதிப் புலம் நேரமில்லாத வெறும் தேதியாக மாற்றப்பட்டதும் இந்தக் குறிப்பை நீக்கலாம்." புதியவரே 1970 ஆகஸ்ட் 1ஐ ஒரு சோதனையாகச் சேர்த்தார். வேண்டுமென்றே ஊர்ப்பெயரை ஒருமுறை போட்டு இயக்கினோம். திரையில் ஜூலை 31 என்று சிவப்பில் வந்தது.