போனஸைக் கடனில் போட்டால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

போனஸ் கிடைக்கும் மாதங்களில் என் மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "கையில் ஒரு லட்சம் இருக்கிறது, பர்சனல் லோனில் கட்டிவிட்டால் எவ்வளவு வட்டி குறையும்?" பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன்: "தவணையைக் குறைக்கப் போகிறீர்களா, காலத்தைக் குறைக்கப் போகிறீர்களா?" பலர் விழிப்பார்கள். ஆனால் மிச்சத் தொகை இரண்டு மடங்காவதும் பாதியாவதும் அதில்தான் இருக்கிறது.

சமீபத்தில் வந்த ஒருவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கடன் 5 லட்சம், ஆண்டு வட்டி 12 சதவீதம், குறையும் நிலுவை முறை, 60 மாதம். மாதத் தவணை 11,122. மாதத்துக்கு 1 சதவீத வட்டி என்பதால் மனக்கணக்கும் எளிது. 12 தவணை கட்டி முடித்தபோது நிலுவை அசல் 4,22,355. ஓராண்டில் 1,33,000-க்கு மேல் கட்டியும் அசலில் 77,600 அளவுதான் குறைந்திருக்கிறது என்று பார்த்தபோது அவர் முகம் மாறிவிட்டது. முதல் வருடங்களில் தவணையில் வட்டியின் பங்கு பெரிது என்பதால் அப்படித்தான் இருக்கும்.

அந்த நிலையில் போனஸ் 1 லட்சத்தைப் போட்டால் நிலுவை 3,22,355 ஆகிறது. தவணையை மாற்றாமல் அதே 11,122-ஐக் கட்டினால் எத்தனை மாதம் ஆகும் என்பதை எக்செல்லில் ஒரே வரியில் பார்த்துவிடலாம்:

```
=NPER(0.01,-11122,322355)
```

விடை 34.4. அதாவது 34 முழுத் தவணையும், கடைசியாக 4,400 அளவில் ஒரு சில்லறைத் தவணையும். மீதி 48 மாதமாக இருந்தது 35 ஆகிவிட்டது. கட்டாமல் தப்பிய தவணைகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய 1,51,300. அதில் நீங்கள் போட்ட ஒரு லட்சத்தைக் கழித்தால் 51,300 வட்டி மிச்சம்.

அதே ஒரு லட்சத்தைப் போட்டு, காலத்தை 48 மாதமாகவே வைத்துத் தவணையைக் குறைத்தால்? புதிய தவணை 8,489. மாதம் 2,633 குறைகிறது, 48 மாதத்துக்கு 1,26,400. ஒரு லட்சத்தைக் கழித்தால் 26,400தான் மிச்சம். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், மாதாமாதம் அந்த 2,633 உங்கள் கையில்தானே நிற்கிறது. வீட்டுச் செலவு முட்டுகிறவருக்கு இதுவே சரியான வழியாகவும் இருக்கலாம். வட்டியைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால், கடன் கொடுத்தவரின் வழக்கம் எதுவோ அதன்படி பதிந்துவிடுவார்கள்.

எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். இதே லட்சத்தை 36-ஆவது தவணை முடிந்து போட்டிருந்தால், தவணையை மாற்றாமல் வைத்தும் மிச்சம் 20,800 அளவுதான். "லட்சத்துக்கு 12 சதவீதம், நாலு வருடம், ஆக 48,000" என்று விரல் விட்டு எண்ணுகிறவர்கள் உண்டு. காலத்தைக் குறைக்கும் வழிக்கு அது ஏறக்குறைய ஒத்துவரும், தவணையைக் குறைக்கும் வழிக்கு வராது.

இனி கழிக்க வேண்டியது கட்டணம். முன்கூட்டிக் கட்டும் தொகைக்கு 3 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 3,000, அதன் மேல் வரி இருந்தால் அதுவும். 51,300-இல் இது பெரிய அடி இல்லை. ஆனால் 36-ஆவது மாதத்தில் 20,800-இல் இருந்து கழியும்போது ஏழில் ஒரு பங்கு போய்விடும். கட்டணம் நீங்கள் கட்டும் தொகைக்கா, மொத்த நிலுவைக்கா என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். கிரெடிட் கார்டில் இதைவிட அதிக வட்டிக்குப் பாக்கி இருந்தால் போனஸ் முதலில் அங்கேதான் போக வேண்டும். அது தனிக் கதை.

நான் அதிகம் பார்க்கும் கோளாறு வேறு. பணம் கடன் கணக்குக்குப் போயிருக்கும், அசலில் கழிந்திருக்காது. வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக அப்படியே கிடக்கும், வட்டி பழைய நிலுவைக்கே ஓடிக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். புதிய தவணை அட்டவணையை வாங்கி, அடுத்த மாத வட்டிக் கட்டத்தை மட்டும் பாருங்கள். இவர் கணக்கில் 13-ஆவது மாத வட்டி 4,224 ஆக இருந்தது, 3,224 ஆகியிருக்க வேண்டும். இவருக்கு முதலில் வந்த அட்டவணையில் 4,224 என்றே இருந்தது. ஒரு கடிதம் எழுதி, பணம் கட்டிய தேதியிலிருந்தே அசலில் வரவு வைக்கச் சொன்னார். அடுத்த அட்டவணையில் அது 3,224 ஆகிவிட்டது.