இரண்டு எண் கொடுத்தால் போதுமா? கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும்

பொள்ளாச்சியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். தொடர்வரிசைப் பாடத்தில் பலரும் முதல் இரண்டு எண்ணைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடுகிறார்கள். 2, 4 என்று தொடங்கினால் அடுத்தது 6 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம். அடுத்தடுத்த எண்களின் கழித்தல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் அது கூட்டுத் தொடர்வரிசை. வகுத்தல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் பெருக்குத் தொடர்வரிசை. 1, 2, 4, 7 இரண்டிலும் சேராது. முதல் மூன்றை மட்டும் பார்ப்பவர்கள் இதைப் பெருக்கு என்றுதான் எழுதுவார்கள்.

அப்புறம் வருவது, இரண்டு உறுப்பைக் கொடுத்து மற்றதைக் கேட்கும் கணக்கு. இரண்டாம் உறுப்பு 6, நான்காம் உறுப்பு 54, ஏழாவது என்ன?

இங்கே நான் பார்க்கும் பெரிய தவறு, 2, 3, 4 என்று எண்ணி மூன்றால் வகுப்பது. தென்னை வரிசையில் இரண்டாவது மரத்திலிருந்து நான்காவது மரத்துக்குப் போக இரண்டு இடைவெளிதான் தாண்ட வேண்டும். நமக்கு வேண்டியது அந்த இடைவெளிக் கணக்கு: 4 − 2 = 2.

கூட்டு என்றால், 54 − 6 = 48. இரண்டால் வகுத்தால் பொது வித்தியாசம் 24. வரிசை −18, 6, 30, 54. நான்கிலிருந்து ஏழுக்கு மூன்று இடைவெளி, எனவே 54 + 3 × 24 = 126. முதல் உறுப்பைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. தேடினாலும், முதல் உறுப்பு a, பொது வித்தியாசம் d என்று வைத்து n-ஆம் உறுப்பைத் தரும் a + (n − 1)d என்ற சூத்திரம் −18 + 6 × 24 = 126 என்றே தரும்.

பெருக்கு என்றால், 54 ÷ 6 = 9. இது இரண்டு தாவலின் பெருக்கம்; ஒரு தாவலுக்குப் பெருக்கும் எண்ணை r என்றால் r² = 9. சிலர் 9-ஐ இரண்டால் வகுத்து 4.5 என்பார்கள்; இங்கே வகுக்கக் கூடாது, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 3 வரும், −3-உம் வரும். 2, 6, 18, 54 ஒரு வரிசை. −2, 6, −18, 54 இன்னொன்று. ஏழாம் உறுப்பு 54 × 27 = 1458, அல்லது −1458.

"ஏனுங்க சார், மூணுமே சரியா வருதுங்களே?" என்று ஒரு மாணவி கேட்டாள். சரிதான். 6-உம் 54-உம் மட்டும் வைத்துக்கொண்டு வகையைச் சொல்லவே முடியாது. கேள்வி வகையைச் சொல்ல வேண்டும், அல்லது மூன்றாம் உறுப்பைத் தர வேண்டும்: 30 என்றால் கூட்டு, 18 அல்லது −18 என்றால் பெருக்கு. "உறுப்புகள் எல்லாம் மிகை எண்கள்" என்று ஒரு வரி இருந்தால் −3 விழுந்துவிடும். அந்த வரியைப் படிக்காமல் தாண்டுவதில்தான் மதிப்பெண் போகிறது.

இடைவெளி ஒற்றைப்படையாக இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை; r³ = 8 என்றால் r = 2 மட்டுமே. இடைவெளி இரட்டைப்படையாக இருந்து, ஒரு எண் மிகை, மற்றது குறை என்று வந்தால், உதாரணமாக 6-உம் −54-உம், r² = −9 ஆகிவிடும். நாம் படிக்கும் மெய்யெண்களில் அதற்குப் பெருக்குத் தொடர்வரிசை கிடையாது; கூட்டு மட்டும் −30 வித்தியாசத்தில் கிடைக்கும்.