நிஜத்துல 13 சதவீதம், படத்துல அஞ்சரை மடங்கு

2012 கோடைல அமெரிக்காவோட ஃபாக்ஸ் சேனல்ல ஒரு பார் சார்ட் வந்துச்சு. புஷ் காலத்துல, 2001-லயும் 2003-லயும் போட்ட சட்டங்களால வருமான வரி குறைஞ்சிருந்தது, அந்தச் சலுகை 2012 முடிவோட காலாவதியாகப் போகுது, அது நீட்டிக்கப்படலைன்னா மேல்மட்ட வரி வீதம் என்ன ஆகும்ங்கறதுதான் அந்தப் படம். ரெண்டே ரெண்டு பார். இடது பக்கம் "இப்போ", 35 சதவீதம். வலது பக்கம் "2013 ஜனவரி 1", 39.6 சதவீதம். ரெண்டு நம்பரும் சரி, பார் மேலேயே தெளிவா எழுதியும் இருந்தது. ஆனா படத்தைப் பார்த்தா இடது பார் தரையோட ஒட்டுன ஒரு சின்னத் திண்ணை மாதிரி இருக்கு, வலது பார் மாடி வீடு மாதிரி எழும்பி நிக்குது.

காரணம் ஓரத்துல இருக்கற அச்சு. அது 0-ல ஆரம்பிக்கல, 34-ல ஆரம்பிச்சு 42-ல முடியுது.

ஒரு கிராஃப் பேப்பர் எடுத்து வரைஞ்சு பாருங்க, ஒரு சதவீதப் புள்ளிக்கு 1 செ.மீ.ன்னு வச்சுக்கலாம். தரை 34-ல இருக்கறதால 35-க்கான பார் 1 செ.மீ. உயரம்தான் வரும். 39.6-க்கான பார் 5.6 செ.மீ. வரும். அதாவது ரெண்டாவது பார் முதல் பாரைப் போல 5.6 மடங்கு. நிஜத்துல 39.6-ஐ 35-ஆல வகுத்தா 1.13 தான், 13 சதவீதம் சொச்சம் அதிகம், அவ்வளவுதான். வெறும் வித்தியாசத்தை மட்டும் சொல்லணும்னா 4.6 சதவீதப் புள்ளி. (இந்த ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது, 35-ல இருந்து 39.6 போனா "4.6 சதவீதம் ஏறுச்சு"ன்னு சொல்றது தப்பு, ஏறுனது 4.6 புள்ளி, சதவீதமா பார்த்தா 13.)

இப்போ பார் சார்ட்டுக்கு மட்டும் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னு பார்க்கணும். பார் சார்ட்ல நம்ம கண்ணு படிக்கறது நீளத்தை. அச்சுல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கறதுக்கு முன்னாடியே இது அதைவிட எவ்வளவு பெருசுன்னு மனசு ஒரு முடிவுக்கு வந்துடும். ஒரு பார் இன்னொண்ணைப் போல ரெண்டு மடங்கு உயரமா இருந்தா மதிப்பும் ரெண்டு மடங்குன்னு எடுத்துக்கறோம், பார் சார்ட் நமக்குச் சொல்ற ஒரே ஒப்பந்தம் இதுதான். அந்த ஒப்பந்தம் நிக்கணும்னா பாரோட அடி பூஜ்ஜியத்துல இருந்தே ஆகணும். அடில இருந்து 34-ஐ வெட்டி எறிஞ்சுட்டா, பாரோட நீளம் 35-ஐயும் 39.6-ஐயும் காட்டறதை நிறுத்திடுது, 1-ஐயும் 5.6-ஐயும் காட்ட ஆரம்பிச்சுடுது. 34-ஐக் கழிச்ச மிச்சம்தான் அது, அந்த மிச்சத்துக்குன்னு ஒரு அர்த்தமும் கிடையாது, ஏன்னா 34-ங்கற நம்பர் வரிச் சட்டத்துல இருந்து வரல, படம் வரைஞ்சவர் எங்க வெட்டினாரோ அங்க இருந்து வந்தது.

வெட்டுற இடத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தா இது இன்னும் நல்லாப் புரியும். தரையை 30-ல வச்சா ரெண்டாவது பார் முதல் பாரைப் போல 1.9 மடங்கு. 33-ல வச்சா 3.3 மடங்கு. 34.5-ல வச்சா 10 மடங்கு தாண்டும். டேட்டா ஒரு துளி கூட மாறல, ஆனா வேணுங்கற மடங்கு எல்லாம் கிடைக்குது.

இந்த மிகைப்படுத்தலை அளக்க, டேட்டாவைப் படமா காட்டறதைப் பத்திப் புத்தகம் எழுதின எட்வர்ட் டஃப்டி 1983-ல ஒரு கணக்கு சொன்னாரு, தமிழ்ல பொய்க் காரணின்னு வச்சுக்கலாம். படத்துல தெரியற மாற்றத்தை டேட்டால இருக்கற மாற்றத்தால வகுக்கணும். இங்க படத்துல 1-ல இருந்து 5.6-க்கு ஏறுது, அது 460 சதவீத ஏற்றம். டேட்டால 13.14 சதவீத ஏற்றம். வகுத்தா 35 வருது. ஒழுங்கான படத்துல இது 1-ஐ ஒட்டி வரணும். பார் சார்ட்டுக்கு இதுல ஒரு குறுக்கு வழியும் இருக்கு, முதல் மதிப்பை, அந்த மதிப்புல இருந்து தரையைக் கழிச்சு வர்றதால வகுத்தாப் போதும்: 35 / (35 − 34) = 35. தரை 30-ஆ இருந்தா 35 / 5 = 7. எந்தப் படத்தைப் பார்த்தாலும் மனக்கணக்காவே போட்டுடலாம். தரை எவ்வளவு தூரம் சின்ன பாரோட உச்சியை நெருங்குதோ அவ்வளவு வேகமா இந்த நம்பர் எகிறும்ங்கறதும் இதுலயே தெரியுது, கடைசி ஒரு புள்ளி நகர்த்தறதுக்கும் முதல் பத்து புள்ளி நகர்த்தறதுக்கும் இருக்கற வித்தியாசம் ரொம்பப் பெருசு.

"அதான் அச்சுல 34-னு எழுதியிருக்கே, வாசிக்கத் தெரிஞ்சவங்க வாசிச்சுக்கட்டும்"னு ஒரு வாதம் வரும். எனக்கு இதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. 2021-ல வந்த ஒரு ஆய்வுல இதையே சோதிச்சுப் பார்த்தாங்க, வெட்டின அச்சு இருக்குன்னு முன்னாடியே விளக்கிச் சொன்ன பிறகும் அதைப் பார்த்தவங்க வித்தியாசத்தைப் பெருசாதான் மதிப்பிட்டாங்க, விளக்கம் சொன்னா பாதிப்பு குறையுது, ஆனா போகல. நம்பரோடவே புழங்கற துறைகள்ல பிஎச்டி பண்றவங்களும் இதுக்குத் தப்பல. அச்சோட அடில ஒரு மின்னல் வெட்டு மாதிரி ஜிக்ஜாக் கோடு போட்டு "இங்க வெட்டியிருக்கோம்"னு காட்டற பழக்கம் ஒண்ணு இருக்கு, அதுவும் பாரோட நீளத்தைத் திருத்தறதில்ல, கண்ணு படிக்கறது அதே 1-க்கு 5.6 தான்.

இன்னொரு விஷயமும் சொல்லணும், இப்படி வெட்டின படம் எல்லாமே வேணும்னே செஞ்சதுன்னு நினைக்கக் கூடாது. எக்ஸெல்ல ரெண்டு மதிப்பும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, அதாவது பெரிய மதிப்புக்கும் சின்னதுக்கும் உள்ள வித்தியாசம் பெருசோட ஆறுல ஒரு பங்கை விடக் குறைவா இருந்தா, அது தானாவே அச்சைப் பூஜ்ஜியத்துக்கு மேல ஆரம்பிச்சுடும். நம்ம கேஸ்ல 39.6-ல ஆறுல ஒரு பங்கு 6.6, வித்தியாசம் 4.6 தான், அதனால எக்ஸெல் கிட்ட விட்டா அதுவும் அடியை வெட்டத்தான் செய்யும். அச்சை டபுள் கிளிக் பண்ணி Format Axis-ல Minimum-னு இருக்கற கட்டத்துல 0 போடணும், அங்க ஏற்கனவே 0 தெரிஞ்சாலும் நீங்களே ஒரு தடவை டைப் பண்ணி விடுங்க, இல்லன்னா நாளைக்கு டேட்டா மாறும்போது அது மறுபடி நகர்ந்துடும். பைத்தான்ல சார்ட் வரையப் பயன்படுத்தற matplotlib இந்த விஷயத்துல தேவலாம், பாருக்கு அது தானா 0-ல தான் ஆரம்பிக்கும், வெட்டணும்னா நாமளே எழுதிக் கேட்கணும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்க இது போதும்:

```python
import matplotlib.pyplot as plt

fig, (a, b) = plt.subplots(1, 2)
for ax in (a, b):
    ax.bar(["2012", "2013"], [35, 39.6])
a.set_ylim(34, 42)
b.set_ylim(0, 42)
plt.show()
```

பேப்பர்லயே திருத்தி வரையறதா இருந்தா அளவுகோலை மாத்துங்க, 5 புள்ளிக்கு 1 செ.மீ. தரை 0. இப்போ முதல் பார் 7 செ.மீ., ரெண்டாவது 7.9 செ.மீ. 9 மில்லிமீட்டர் வித்தியாசம். உயர்வு இருக்கு, கண்ணுக்கும் தெரியுது, ஆனா கிட்டத்தட்ட ஒரே உயரமான ரெண்டு பார், ஒண்ணு கொஞ்சம் தூக்கலா நிக்குது. இதுதான் 35-ம் 39.6-ம் நிஜமா பக்கத்துல நிக்கற விதம்.

சரி, 4.6 புள்ளிங்கறது முக்கியமான மாற்றம்தான், அது கண்ணுல படணும், பூஜ்ஜியத்துல ஆரம்பிச்சா அமுங்கிப் போகுதேன்னு கேட்டா அந்தக் கேள்வி நியாயமானது. அப்போ பாரை வெட்டாதீங்க, பாரையே விட்டுடுங்க. ஒரு மதிப்புக்கு ஒரு புள்ளி வச்சு, கோட்டுல அது எங்க இருக்குன்னு காட்டற படத்துக்கு பூஜ்ஜியம் கட்டாயம் இல்ல, ஏன்னா புள்ளிக்கு நீளம் கிடையாது, கண்ணு இடத்தை மட்டும்தான் படிக்குது. காய்ச்சல் சார்ட்டை நினைச்சுப் பாருங்க, 37 டிகிரிக்கும் 39 டிகிரிக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது, அதை 0-ல ஆரம்பிச்சு பாரா வரைஞ்சா ஒண்ணும் தெரியாது, அதுவும் போக செல்சியஸ்ல 0-ங்கறது "வெப்பமே இல்லை"ன்னு அர்த்தம் இல்ல, அது தண்ணி உறையற இடம், அதனால அங்க நீளத்துக்கே பொருள் கிடையாது. அதனாலதான் ஆஸ்பத்திரில அதைப் புள்ளி வச்சு கோடா இழுக்கறாங்க.

வரி வீதத்துக்கும் அந்த மாதிரி கோடு நல்லாப் பொருந்தும், ரெண்டே ரெண்டு தேதிக்குப் பதிலா வருஷ வரிசையா போட்டா இன்னும் நல்லது. அமெரிக்காவோட மேல்மட்ட வீதம் 1982-ல 50 ஆச்சு, 1988-ல 28-க்கு இறங்குச்சு, 1991-ல 31, 1993-ல 39.6, அப்புறம் 2003-ல 35. இதை ஒரு கோடா இழுத்துட்டு நுனியில 39.6-ஐ வச்சா, அது 1993-ல இருந்து 2000 வரைக்கும் இருந்த அதே இடத்துக்குத் திரும்பிப் போறது அப்படியே தெரிஞ்சுடும். ரெண்டு பார் படத்துல இந்த விஷயத்துக்கு இடமே இல்ல, அச்சை 0-ல வச்சு நேர்மையா வரைஞ்சாலும் இது அதுல வராது.

இன்னொரு வழி, பார்க்கறவங்க தெரிஞ்சுக்க விரும்பறதையே நேரா வரையறது. மேல்மட்ட வீதம்ங்கறது மொத்த வருமானத்துக்கும் போடற வரி இல்ல, ஒரு எல்லைக்கு மேல வர்ற காசுக்கு மட்டும்தான், 2012-ல அந்த எல்லை தனிநபருக்கு 3,88,350 டாலர். சேனல் படத்துல இது எதுவும் இல்லாததால ஏதோ எல்லாரோட வரியும் அஞ்சு மடங்கு ஆகப்போற மாதிரி ஒரு பயம் வருது. கடைசியில 2013 ஜனவரி 2-ஆம் தேதி ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டத்துல 39.6 சதவீதம் வந்துச்சுதான், ஆனா தனிநபருக்கு 4 லட்சம் டாலருக்கு மேல வர்ற வரி விதிக்கத்தக்க வருமானத்துக்கு மட்டும். அப்படின்னா 5 லட்சம் டாலர் வரி விதிக்கத்தக்க வருமானம் உள்ள ஒருத்தருக்கு, எல்லைக்கு மேல இருக்கற 1 லட்சத்துக்கு 4.6 புள்ளி, அதாவது 4,600 டாலர் கூடுதல். 5 லட்சத்தை ஒரு 10 செ.மீ. பாரா வரைஞ்சு, அதுல இந்த 4,600-ஐ மட்டும் கலர் அடிச்சுக் காட்டினா, கலர் அடிச்ச பகுதி 1 மில்லிமீட்டர் கூட வராது.