ஜனவரி 31 உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் வருவது எந்தத் திகதி?

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையின் கணக்குகளைப் பார்த்துவரும் வாசகர் ஒருவர், 2025 ஜனவரி 31 அன்று தவணை முறையில் நகை எடுத்த வாடிக்கையாளருக்காகத் தாம் எக்செலில் தயாரித்த கொடுப்பனவு அட்டவணையை அனுப்பியிருக்கிறார். முதல் வரியில் ஜனவரி 31 இருக்கிறது; அடுத்த வரியில் மார்ச் 3. பெப்ரவரி மாதமே அட்டவணையில் இல்லை. கடையில் விலைச்சிட்டை போடும் மென்பொருளோ அதே கணக்குக்குப் பெப்ரவரி 28 என்று காட்டுகிறது. இரண்டில் எது பிழை என்பது அவருடைய கேள்வி.

கணக்கிட்ட விதத்தில் இரண்டுமே பிழையில்லை. 'ஒரு மாதம் கழித்து' என்பதற்கு இரண்டும் வெவ்வேறு விதிகளை வைத்திருக்கின்றன. அவர் எழுதியிருந்த சூத்திரம் இது:

```
=DATE(YEAR(A1),MONTH(A1)+1,DAY(A1))
```

எக்செல் திகதியை ஒரு தொடரெண்ணாகவே சேமித்து வைக்கிறது. 2025 ஜனவரி 31 என்பது அதற்கு 45688. பெப்ரவரி 1 என்பது 45689. மேலுள்ள சூத்திரம் ஆண்டு 2025, மாதம் 2, நாள் 31 என்ற மூன்று எண்களை DATE என்ற சார்பிடம் கொடுக்கிறது. பெப்ரவரியில் 31ஆம் நாள் உண்டா என்று அந்தச் சார்பு கேட்பதில்லை. பெப்ரவரி 1இலிருந்து தொடங்கி மேலும் 30 நாட்கள் முன்னே சென்று 45719இல் நிற்கிறது, அது மார்ச் 3. இது கவனக்குறைவால் வந்த நடத்தையும் அல்ல. 14ஆம் மாதம் என்று கொடுத்தால் அடுத்த ஆண்டின் பெப்ரவரி என்றும், மார்ச்சின் 0ஆம் நாள் என்று கொடுத்தால் பெப்ரவரியின் கடைசி நாள் என்றும் எடுத்துக்கொள்ளும் வகையில் வேண்டுமென்றே அமைக்கப்பட்ட வசதிதான் இங்கே குறுக்கே நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் setMonth, பிஎச்பியின் strtotime, லினக்ஸ் கணினிகளில் உள்ள date கட்டளை ஆகியனவும் இதே வழியில் வழிந்து மார்ச்சுக்குள் போகின்றன.

இன்னொரு வழி, முதலில் மாதத்தை மட்டும் நகர்த்திவிட்டு, வந்து சேர்ந்த மாதத்தில் அந்த நாள் இல்லையென்றால் அம்மாதத்தின் கடைசி நாளில் நிறுத்திக்கொள்வது. எக்செலிலேயே உள்ள EDATE இப்படித்தான் வேலை செய்கிறது; `=EDATE(A1,1)` என்று எழுதினால் பெப்ரவரி 28 கிடைக்கும். விடை 45716 என்று வெறும் எண்ணாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்தக் கட்டத்தைத் திகதி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். கூகிள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றிலும் DATE, EDATE இரண்டும் இதே வேறுபாட்டைக் காட்டும். ஆகவே மென்பொருளுக்கு மென்பொருள் விடை மாறுகிறது என்பது பாதி உண்மைதான். ஒரே விரிதாளுக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு விடைகளையும் வரவழைக்கலாம்.

வழிந்தோடும் முறையை நான் மிகவும் ரசித்தது அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு சமன்பாட்டுக்காக. அந்த முறையில் ஒரு மாதம் கூட்டுவது, தொடங்கிய மாதத்தில் எத்தனை நாட்கள் உண்டோ அத்தனை நாட்களைக் கூட்டுவதற்குச் சமம். ஜனவரியின் எந்த நாளில் தொடங்கினாலும் 31 நாட்கள் கூடும். பெப்ரவரியின் எந்த நாளில் தொடங்கினாலும், நெட்டாண்டு அல்லாதபோது, 28 நாட்கள்தான் கூடும். இதன் விளைவைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஜனவரி 29, 30, 31 ஆகிய நாட்களில் நகை எடுத்த மூவருக்கு முதல் தவணை முறையே மார்ச் 1, 2, 3 ஆகிய நாட்களில் வருகிறது. பெப்ரவரி 1, 2, 3 ஆகிய நாட்களில் எடுத்த வேறு மூவருக்கும் அதே மார்ச் 1, 2, 3. அதாவது ஜனவரி 31 அன்று வாங்கியவர் மார்ச் 3 வரை பொறுக்கலாம், அவருக்கு ஒரு நாள் கழித்து பெப்ரவரி 1 அன்று வாங்கியவரோ மார்ச் 1 அன்றே பணம் கட்ட வேண்டும். பிந்தி வாங்கியவருக்கு முந்திய தவணை. வரிசை தலைகீழாகிவிடுகிறது. கடன் அட்டவணையைத் திகதிப்படி அடுக்கி, அதில் முதலில் கடன் எடுத்தவரே முதலில் கட்டுவார் என்று நம்பி எழுதப்பட்ட எந்தச் செய்நிரலும் இந்த இடத்தில் சறுக்கும்.

மாத இறுதியில் நிறுத்தும் முறையில் வரிசை ஒருபோதும் தலைகீழாவதில்லை. ஆனால் அதற்கு ஞாபகம் இல்லை. ஜனவரி 28, 29, 30, 31 ஆகிய நான்கு நாட்களும் பெப்ரவரி 28 என்ற ஒரே நாளில் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து பார்த்தால் எந்த நாளிலிருந்து வந்தோம் என்பதற்குத் தடயமில்லை. எனவே அடுத்த வரியில் முந்திய கட்டத்துடன் மீண்டும் ஒரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 28, பிறகு ஏப்ரல் 28 என்று அட்டவணை அங்கேயே தங்கிவிடும். ஜனவரி 31 உடன் நேரடியாக இரண்டு மாதங்களைக் கூட்டினால் மார்ச் 31. ஒவ்வொன்றாக இரண்டு முறை கூட்டினால் மார்ச் 28. ஒரு மாதம் கூட்டிப் பின் ஒரு மாதம் கழித்தால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல் ஜனவரி 28இல் நிற்போம். பள்ளிக்கூடத்தில் எண்களுக்குப் படித்த கூட்டல் விதிகள் மாதங்களுக்குச் செல்லுபடியாவதில்லை, 31 நாட்களை 28 இடங்களுக்குள் அமர்த்தும் எந்த விதியும் எதையாவது இழந்தே தீரும். நம் பஞ்சாங்கத்துக்கும் இதிலிருந்து விடுதலையில்லை. சூரிய மாதங்கள் 29 நாட்களிலிருந்து 32 நாட்கள் வரை நீள்கின்றன. ஆனி 32 அன்று பிறந்த குழந்தைக்கு மார்கழியில் ஆறு மாதம் நிறைவது எந்த நாளில் என்று கேட்டால், சோதிடரும் ஏதோ ஒரு விதியைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அதில் நட்சத்திரங்களின் பங்கு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

இந்த ஞாபகமறதியைச் சரிசெய்ய முயன்றது ஒரக்கிள் தரவுத்தளத்தின் ADD_MONTHS. தொடங்கும் நாள் அந்த மாதத்தின் கடைசி நாளாக இருந்தால் விடையையும் கடைசி நாளாகவே அது கொடுக்கும். அதனால் ஜனவரி 31, பெப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று சங்கிலி அழகாக நகர்கிறது. ஜனவரி 31இல் தொடங்கியவருக்கு இது நியாயம். ஜனவரி 30இல் தொடங்கியவருக்கோ பெப்ரவரி 28, அடுத்து மார்ச் 31. அவர் கேட்காமலே தவணை நாள் ஒன்று தள்ளிப்போகிறது. அதே ஒரக்கிளில் ADD_MONTHS ஐ விட்டுவிட்டு INTERVAL முறையில் ஜனவரி 31 உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால், அது ஊகிக்கவே மறுத்து ORA-01839 என்ற பிழையைத் தரும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இப்படி முரண்டு பிடிக்கும் மென்பொருளையே நான் விரும்புவேன், பிழைச்செய்தி வந்தால் யாராவது ஒருவர் யோசிக்க வேண்டியிருக்குமல்லவா.

இந்த நுணுக்கம் கணினிக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஒரு வர்த்தகக் கட்டடத்தின் உரிமையாளர் 1978 செப்டெம்பர் 30 அன்று குத்தகைக்காரருக்கு அறிவித்தல் கொடுத்தார். நான்கு மாதங்களுக்குள் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குத்தகைக்காரர் 1979 ஜனவரி 31 அன்று விண்ணப்பித்தார். செப்டெம்பர் 30 அந்த மாதத்தின் கடைசி நாள், ஆகவே நான்கு மாதங்களும் ஜனவரியின் கடைசி நாளில்தான் முடிகின்றன என்பது அவர் தரப்பு வாதம். டாட்ஸ் எதிர் வாக்கர் எனப்படும் அந்த வழக்கில், அன்று நாட்டின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1981இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 30ஆம் திகதிக்கு நேரான நாள் 30ஆம் திகதியே. அப்படியொரு நாள் இல்லாத மாதத்தில் மட்டுமே கடைசி நாள் கணக்கில் வரும் என்று தீர்த்தது. குத்தகைக்காரர் ஒரு நாளால் தோற்றார். இதையே இன்று விரிதாளில் EDATE கொண்டு கணக்கிட்டால் ஜனவரி 30 வரும், நீதிபதிகள் சொன்ன விடை. ADD_MONTHS கொண்டு கணக்கிட்டால் ஜனவரி 31 வரும், தோற்றவர் சொன்ன விடை.

கையிலுள்ள மென்பொருள் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று அறிய, கையேட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை, இரண்டு திகதிகளைக் கொடுத்துப் பார்த்தால் போதும். 2025 ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டுங்கள். மார்ச் 3 வந்தால் அது வழிந்தோடும் வகை. பெப்ரவரி 28 வந்தால் அடுத்து பெப்ரவரி 28 உடன் ஒரு மாதம் கூட்டுங்கள். மார்ச் 28 என்றால் அது EDATE வகை, மார்ச் 31 என்றால் ADD_MONTHS வகை.

வாசகரின் அட்டவணைக்கு வருவோம். DATE ஐ EDATE ஆக மாற்றினால் மட்டும் போதாது, முந்திய வரியைப் பார்த்துக் கூட்டும் வழக்கத்தையும் விட வேண்டும். நகை எடுத்த திகதி A1 இல் இருந்தால், A2 இலிருந்து கீழ்நோக்கி எல்லாக் கட்டங்களிலும் இந்த ஒரே சூத்திரத்தை இழுத்துவிடலாம்:

```
=EDATE($A$1,ROW()-1)
```

ஒவ்வொரு வரியும் தொடக்கத் திகதியிலிருந்தே எண்ணுவதால் பெப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31 என்று வரும். இடையில் ஒரு குறுகிய மாதம் வந்து போனதால் 31 தொலைந்துவிடாது. நடுவில் வேறு வரியொன்றைச் செருகினால் ROW() கணக்கு மாறிவிடும் என்பதால், தவணை எண்களைப் பக்கத்து நிரலில் தனியே எழுதி அதையே சூத்திரத்தில் காட்டுவது இன்னும் பாதுகாப்பானது.

இதிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. ஏப்ரல் 30இல் நகை எடுத்தவரின் அடுத்த தவணையை இந்தச் சூத்திரம் மே 30 என்று சொல்லும். 'மாதாந்தம் 30ஆம் திகதி' என்று பேசியிருந்தால் அது சரி. 'மாத முடிவில்' என்று பேசியிருந்தால் மே 31 ஆக வேண்டும். ஏப்ரல் 30 என்ற திகதியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சு எதுவென்று எந்தச் சூத்திரத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மாத முடிவுதான் பேச்சு என்றால் EDATE இருக்கும் இடத்தில் EOMONTH என்று மாற்றினால் சரி, அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தொட வேண்டியதில்லை. பற்றுச்சீட்டில் வெறுமனே 'மாதாந்தம்' என்று அச்சிட்டிருந்தால், எந்தச் சார்பு என்று முடிவெடுக்குமுன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியிருக்கும்.