449 ரூபாய் பிளானுக்கு 862 ரூபாய் பில் ஏன்?

செல்போன் பில் புகார்களைப் பார்ப்பதுதான் என் வேலை. போன மாதம் ஒருவர் கொண்டுவந்த பில்லையே எடுத்துக்கொள்வோம். பிளான் வாடகை 449, அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து மாதாமாதம் 529.82 கட்டி வந்தவருக்குத் திடீரென்று 862.28 வந்திருக்கிறது. முதல் வேலை, வழக்கமான தொகையைக் கழித்துவிடுங்கள். மிச்சம் 332.46, நாம் தேட வேண்டியது இதை மட்டும்தான்.

இந்தத் தொகையை அப்படியே பில்லில் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பதிவிலும் ஜிஎஸ்டி இல்லாத விலைதான் இருக்கும், வரி கடைசியில் மொத்தமாக ஏறும். இவர் பில்லில் முதலில் சிக்கியது 48 ரூபாய் ஐஎஸ்டி. அழைப்பு விவரப் பக்கத்தில் +91 இல்லாத ஒரு நம்பர், தெரியாத மிஸ்டு கால் என்று திருப்பி அழைத்திருக்கிறார். பேசியது 3 நிமிடம் 10 வினாடி, ஆனால் நிமிடக் கணக்கு என்பதால் 4 நிமிடம், நிமிடத்துக்கு 12 ரூபாய். அன்லிமிடெட் என்பது உள்ளூர், எஸ்டிடி அழைப்புக்குத்தான், ஐஎஸ்டி அதில் வராது. இது அவரே அழைத்தது, திரும்பக் கேட்க வழியில்லை.

அடுத்து 99 ரூபாய், மதிப்புக்கூட்டு சேவை என்ற தலைப்பில். ஏதோ ஒரு கேம் சந்தா. இங்கேதான் விடாமல் கேட்க வேண்டும். இந்த மாதிரி சேவையைத் தொடங்க வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொல்லியிருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே போட்ட உத்தரவு. "இரண்டாவது சம்மதம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எப்படி வந்தது?" என்று கேளுங்கள். சும்மா "பணத்தைத் திருப்பித் தாங்க" என்பதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். சேவையை நிறுத்த 155223-க்கு அழைத்தால் போதும்.

இந்த இரண்டுக்கும் வரி சேர்த்தால் 173.46. இன்னும் 159 பாக்கி. அது வரி போடும் பகுதியிலேயே இல்லை, மூன்றாம் தரப்புக் கட்டணம் என்று தனியாகக் கிடந்தது. வீட்டுப் பையன் கூகுள் பிளேயில் ஒரு ஆப்புக்குச் சந்தா கட்டியபோது, பணம் செலுத்தும் முறையாக மொபைல் பில்லையே தேர்ந்தெடுத்திருக்கிறான். விலையிலேயே வரி அடக்கம் என்பதால் மேலே ஜிஎஸ்டி ஏறவில்லை. ஆப்பை அழித்துவிட்டோமே என்றார் அவர். அழித்தால் சந்தா நிற்காது, பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். கையோடு பணம் செலுத்தும் முறைகளில் மொபைல் பில்லையும் நீக்கிவிடுங்கள்.

கஸ்டமர் கேரில் பேசினால் புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அதற்கு 30 நாள்தான் கெடு, அங்கே முதலில் கேட்பதும் அந்தப் புகார் எண்ணைத்தான்.